கழுவாமல் என்ற ஒரு சொல்

அந்த முப்பது விநாடிப் படத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பாதிக் கோபம் மற்றவர்கள் மேல். மீதி என் மேல்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மளிகை மண்டியின் மாடியில் இருந்த விளம்பர அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தேன். சினிமாக் கொட்டகைகளில் படம் தொடங்குவதற்கு முன்னும் இடைவேளையிலும் காட்டும் ஸ்லைடுகளையும் குறும்படங்களையும் தயாரிப்பதுதான் எங்கள் தொழில். ஜவுளிக்கடை, மோட்டார் பம்பு, பருப்பு, பாத்திரம் என்று எல்லாவற்றுக்கும் நான் எழுதியிருக்கிறேன். எங்கள் மாதா கோயில் தெருப் பெண்கள் எல்லாம் டீச்சர் வேலைக்கோ நர்ஸ் வேலைக்கோ போகும்போது நான் இப்படி ஒரு வேலைக்குப் போனதில் என் வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, "சினிமாக் கம்பெனியில இருக்கே போல" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப்போயிருந்தேன்.

எங்கள் முதலாளியே கேமராமேன், அவரே எடிட்டர். அதிகம் பேசாதவர். ஆனால் முப்பது விநாடி என்றால் என்ன என்பதை எனக்கு ஒரே நாளில் புரியவைத்தார். ஒரு பிலிம் துண்டை மேசையில் நீட்டி, டேப்பை வைத்து அளந்து காட்டினார். நாற்பத்தைந்து அடி. அவ்வளவுதான். அதில் முதல் ஒன்றிரண்டு விநாடியில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது. கொட்டகையில் ஆபரேட்டர் ஒட்டும்போதும் வெட்டும்போதும் அந்த இடம்தான் தேயும், சனங்களும் இன்னும் உட்கார்ந்து முடித்திருக்க மாட்டார்கள். கடைசி ஐந்தாறு விநாடியில் சொல்ல வந்ததைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. திரையில் எழுத்து வந்தால், நிதானமாக இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கும் நேரம் அது நிற்க வேண்டும். பேச்சு நாற்பது சொல்லைத் தாண்டினால் படம் மூச்சு வாங்கும்.

தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து எழுதுவோம். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதில் விழுவது, ஓரத்தில் விநாடிக் கணக்கு. எழுதி முடித்ததும் முதலாளி ஓர் அட்டையை எடுத்து வலப்பக்கத்தை மூடிவிட்டுப் படிப்பார். பிறகு இடப்பக்கத்தை மூடிவிட்டுப் படிப்பார். இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் படம் எடுக்கலாம். இல்லையென்றால் தாள் என்னிடமே திரும்பி வரும்.

இத்தனையும் தெரிந்திருந்தும்தான் நான் அந்தப் படத்தை எழுதினேன்.

எடப்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில், பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து வந்த டப்பாவில் கடலை எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணெயில் சமைத்ததைச் சாப்பிட்டு நான்கு வயதுப் பெண் குழந்தை இறந்துபோனது. தாய் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். பத்திரிகையில் செய்தி வந்ததும், பூச்சிமருந்துக் கடைக்காரர்களின் சங்கம் பொதுமக்களுக்கு ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்துத் தருவதாக வேளாண்மைத் துறையிடம் சொல்லியிருந்தது. சங்கத் தலைவரின் கடைக்கு ஏற்கெனவே நாங்கள்தான் ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தோம். அதனால் வேலை எங்களிடம் வந்தது.

நான் முதலில் எழுதியதில் ஒரே ஒரு செய்திதான் இருந்தது. ஒரு கை டப்பாவை எடுத்து அடுப்படியை நோக்கிப் போகிறது, இன்னொரு கை தடுக்கிறது, கடைசியில், "மருந்து டப்பாவை வீட்டில் பயன்படுத்தாதீர்கள்." முதலாளி இரண்டு பக்கமும் அட்டையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அபூர்வமாகத்தான் தலையாட்டுவார்.

தலைவரின் கடையில், பின்கட்டு அறையில் கூட்டம் நடந்தது. தலைவர், துறையிலிருந்து ஓர் அதிகாரி, முதலாளி, நான். அதிகாரி நல்ல மனிதர், படித்தவர். என் தாளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வசதியான வாய்ப்பில் ஒன்றை மட்டும் சொல்வதா என்று கேட்டார். கையுறை போட வேண்டும். மூக்கை மூட வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. அடிக்கும்போது பீடி பிடிக்கக் கூடாது. மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். அடித்து முடித்ததும் குளிக்க வேண்டும். ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஏழையும் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி என் பக்கம் நகர்த்தினார். ஏழுமே சரியான விஷயங்கள்தான். அதுதான் தொல்லை. தவறான விஷயமாக இருந்தால் மறுத்துப் பேசலாம்.

முப்பது விநாடியை எட்டால் வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு நான்கு விநாடிகூட வராது, எட்டு விஷயம் கேட்டவன் எட்டையும் மறந்துவிடுவான், இதையெல்லாம் துண்டறிக்கையில் போடலாம் என்று சொன்னேன். அதிகாரி சிரித்தார். துறைக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்றார். அவருடைய ஏழையும் என் வரிக்கு மேலே எழுதிச் சேர்த்தேன்.

அதுவரை பேசாமல் இருந்த தலைவர் என் தாளை வாங்கினார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இப்பிடிப் பொத்தாம்பொதுவா பயன்படுத்தாதேன்னா குடியானவன் மருந்தைப் பாத்தே பயந்துக்குவானுங்க. டப்பா நல்லாத்தானே இருக்குது? கழுவாமப் பயன்படுத்தறதுதான் தப்பு. அந்த ஒரு வார்த்தையச் சேத்துக்கங்க அம்மணி."

தன் பேனாவாலேயே எழுதினார். 'மருந்து டப்பாவைக் கழுவாமல் வீட்டில் பயன்படுத்தாதீர்கள்.'

அந்தக் கடையின் பின்வாசலில் காலி டப்பாக்கள் அடுக்கி வைத்திருந்ததை நான் உள்ளே வரும்போதே பார்த்திருந்தேன். விவசாயிகளிடமிருந்து திரும்ப வாங்கி, எண்ணெய்க்காரர்களுக்கும் சந்தைக்காரர்களுக்கும் விற்பார்கள். அது ஊரறிந்த வியாபாரம். அவர் ஏன் அந்தச் சொல்லைச் சேர்த்தார் என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. அதிகாரியைப் பார்த்தேன். தன் ஏழும் வந்துவிட்டதா என்று எண்ணிக்கொண்டிருந்தவர், எட்டாவதைப் படிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டார். முதலாளியைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் அதுதான் உண்மை. வேலை போய்விடும் என்று யாரும் என்னை மிரட்டவில்லை. வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கழுவாமல் என்று வார்த்தையில் வந்துவிட்டால் கழுவுவதைக் காட்டியாக வேண்டும். புளியும் சாம்பலும் போட்டு ஒரு பெண் டப்பாவைத் தேய்ப்பதை முதலாளி எடுத்தார். வெயில் நன்றாக விழுந்த காலை நேரம். தண்ணீர் வழிய வழிய டப்பா வெள்ளிப் பாத்திரம்போல மின்னியது. அவர் அழகாக எடுக்கத் தெரிந்தவர், வேறு மாதிரி எடுக்க வராது. சென்னைக்குப் போய் ஒலிப்பதிவு செய்தபோது, குரல் கொடுத்தவர் எண்பது சொல்லுக்கு மேல் இருந்ததை ஏலக்காரர்போலப் படித்துத் தீர்த்தார். மூன்றாவது தடவை ஓடியபோது, "யாருக்கும்மா இது கேக்கப்போவுது?" என்று என்னிடமே கேட்டார். கடைசி ஐந்து விநாடி சங்கத்தின் பெயருக்குப் போயிற்று. தணிக்கைச் சான்றிதழ் வாங்கி, பிரிண்டுகள் போட்டு, சேலம் சுற்றுவட்டாரக் கொட்டகைகளுக்கு அனுப்பினோம்.

பிரிண்டு சரியாக ஓடுகிறதா என்று முதலாளி ஒன்றிரண்டு ஊர்களில் போய்ப் பார்ப்பது வழக்கம். எடப்பாடிக்கு மதியக் காட்சிக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போனார். அவர் ஆபரேட்டர் அறைக்குப் போனார். நான் பெண்கள் பகுதியில் உட்கார்ந்தேன். நெசவு வீட்டுப் பெண்களும் தோட்டத்துப் பெண்களுமாகக் கூட்டம். எங்கள் படம் ஓடியது. கையுறை, மூக்குத் துணி, காற்று, பீடி, பூட்டு எல்லாம் பஸ் ஜன்னல் வழியே தெரியும் மரங்கள்போல ஓடின. டப்பா தேய்க்கும் இடம் வந்தபோது மட்டும் எனக்கு முன்னால் இருந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

இடைவேளையில் அவளிடம், முதலில் காட்டினார்களே, அது என்ன படம் என்று தெரியாதவள்போலக் கேட்டேன்.

"மருந்து டப்பாவ நல்லாக் கழுவிப்போட்டுப் பொழங்கோணும்னு காட்டுனாங்க அம்மணி. நாங்க ஒரு வாட்டி அலசுவோம், அவ்வளவுதான். புளி போட்டாத்தான் போகுமாட்ட இருக்குது."

அவள் பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த வயதான பெண் சேர்ந்துகொண்டாள். "அந்தத் தோட்டத்துப் புள்ளெ செத்துப்போச்சே, அவ ஆத்தாக்காரி கழுவாம வெச்சுப்போட்டாளாமா. சோம்பேறி. அதுக்கோசரந்தான் படமே எடுத்துருக்கறாங்க."

மூன்று வரிசை தள்ளி இருந்தவர்களிடமும் கேட்டேன். ஒருத்திக்கு டப்பா பளபளத்தது நினைவிருந்தது. இன்னொருத்தி, மருந்துக் கடை விளம்பரம் என்றாள். ஏழில் ஒன்றைக்கூட ஒருவரும் சொல்லவில்லை. கழுவிப் பயன்படுத்தலாம் என்பது மட்டும் எல்லார் தலையிலும் ஆணி அடித்ததுபோல இறங்கியிருந்தது. முப்பது விநாடிப் படத்தில் ஒரு செய்தியாவது தெளிவாகப் போய்ச் சேர வேண்டும் என்பார்களே, சேர்ந்துவிட்டது. விஷம் சேர்ந்ததுபோல.

முதலாளியிடம் சொன்னேன். சேலம் பஸ்ஸில் ஏறி எனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினார். பிறகு, நாம் எழுதிய வரி தப்பில்லையே, சனங்கள் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன செய்வது என்றார். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் கத்தினேன். வலப்பக்கத்தை மூடிப் பார்த்தீர்களா, இடப்பக்கம் கழுவு கழுவு என்றுதானே சொல்கிறது, அந்த அட்டை உங்கள் மேசையில்தானே இருந்தது என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி எடப்பாடி பஸ் ஏறினேன். விசாரித்து அந்தத் தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. குழந்தையின் அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். சேலத்திலிருந்து வருகிறேன் என்றதும் கட்டிலைத் துடைத்து உட்காரச் சொன்னார். மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், கொட்டகையில் ஒரு மருந்துப் படம் ஓடுகிறதே என்று இழுத்தேன்.

"பாத்தமுங்க" என்றார். "ஆஸ்பத்திரில இருந்து வந்த பொறகு மனசு கொஞ்சம் மாறட்டும்னு சினிமாவுக்குக் கூட்டீட்டுப் போனேன். அது ஓடுச்சு. சனம் பூராத் திரும்பி எங்களையே பாத்துது. எந்திரிச்சு வந்துட்டமுங்க."

மோர்ச் செம்போடு வந்த அந்தத் தாய் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். என்னைவிட இரண்டொரு வயது சின்னவளாக இருப்பாள். ஆஸ்பத்திரியில் இளைத்த உடம்பு இன்னும் தேறவில்லை. வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

"நான் கழுவாம வெக்கிலீங்க" என்றாள்.

யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். சீயக்காய் போட்டுக் கழுவியிருக்கிறாள். சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறாள். சுடுதண்ணீர் ஊற்றிக் குலுக்கியிருக்கிறாள். மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். மூக்கை வைத்து மோந்து பார்த்து, வாசம் போய்விட்டது என்று நம்பித்தான் எண்ணெய் ஊற்றியிருக்கிறாள். தகரம் மடித்து அடித்த ஓரத்தில் மருந்து தங்கியிருக்கும், எண்ணெய் பட்டால் கரைந்து வரும், எத்தனை தடவை கழுவினாலும் போகாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அது அவளுக்குத் தெரிந்தது எப்போது? குழந்தை போன பிறகு.

"நல்லாத்தான் கழுவுனனுங்க. இப்ப எங்க போனாலும், கழுவாம வெச்சவளாம்னு சொல்றாங்க. அந்தப் படத்துல அப்பிடிச் சொன்னது ஆருங்க?"

"எழுதினது நான்தாங்க" என்றேன்.

அவள் செம்பை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கணவர் கீழே பார்த்துக்கொண்டே நின்றார். மோரை எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை. குடிக்காமல் வைத்தால் இன்னும் ஓர் அவமானமாகிவிடும் என்று குடித்தேன்.

பஸ்ஸுக்குக் குறுக்கு வழி காட்ட அவர் பருத்திக் காட்டு ஓரமாகக் கூட வந்தார். வரப்பு முடியும் மூலையில், கிணற்றுக்கு வெகு தூரத்தில், ஒரு குழியில் பத்துப் பன்னிரண்டு டப்பாக்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கடப்பாரை குத்திய ஓட்டைகள். இது எதற்கு என்று கேட்டேன்.

"வேண்டாம்னு சொன்னா ஆரு கேக்கறாங்க? முழுசா இருந்தா எவனாச்சும் எடுத்துப் பொழங்கத்தானுங்க பொழங்குவான். ஓட்டெ போட்டுட்டா எதுக்கும் ஆகாது. மண்ணு தள்ளிருவேன்."

அந்தக் குழியின் ஓரத்தில் நின்றபோது எனக்கு வந்த கோபத்தை எந்தத் தாளிலும் எழுதியிருக்க முடியாது. நான்கு பேர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, காபி குடித்து, எட்டு விஷயம் பேசிக் கெடுத்ததை, இந்த மனிதர் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து, ஒரே வேலையில் சரியாகச் செய்து வைத்திருந்தார்.

சேலம் வந்ததும் நேராகத் தலைவரின் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, படத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். படம் நன்றாக ஓடுவதாகத்தானே எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். கழுவியும்தான் குழந்தை இறந்தது என்றேன். சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள் என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் துளிகூட மாற்றம் இல்லை. பில் போடுபவரைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே என்னிடம் பேசினார். பின்வாசல் வழியாகவே வெளியே வந்தேன். டப்பாக்கள் அடுக்கு குறைந்திருந்தது. விற்றிருப்பார்கள்.

அதிகாரியிடம் போனேன். அவர் கையெழுத்துப் போட்ட தாளை அவர் முன்னால் விரித்து, எட்டாவதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தார். மறுபடி படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் இதைப் பார்க்கவே இல்லையேம்மா" என்றார். தெரியும் என்றேன். எடப்பாடிக் கொட்டகையில் கேட்ட பதில்களைச் சொன்னேன். குழியில் கிடந்த டப்பாக்களைச் சொன்னேன். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, ஓடும் படத்தை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதுவதாகவும், சங்கத்தின் பெயர் இல்லாமல் துறையின் பெயரில் வேறு படத்துக்கு அனுமதி கேட்பதாகவும் சொன்னார். போகும்போது, அந்த ஏழில் ஒன்றிரண்டையாவது சேர்க்க முடியுமா என்று தயங்கிக் கேட்டார். முடியாது என்றேன். அப்படி ஒரு பதிலை ஓர் அதிகாரிக்கு அதற்கு முன் நான் சொன்னதில்லை.

முதலாளி என்ன செய்வாரோ என்றிருந்தேன். புதிய தாளை அவர் மேசையில் வைத்தபோது, பீரோவைத் திறந்து, பழைய வேலைகளில் மிஞ்சிய பிலிம் துண்டுகளை எடுத்து வெளியே வைத்தார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அந்தத் தாளை எத்தனை தடவை எழுதினேன் என்று கணக்கில்லை. முதலில் முடிவு செய்தது, கழுவுவதைக் காட்டவே கூடாது. செய்யக் கூடாததை அழகாகக் காட்டினால் சனங்கள் அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள், கூடவே வரும் 'கூடாது' காற்றில் போய்விடும். அடுப்படியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். காடு மட்டும். ஆனால் கழுவினால் போதும் என்ற நம்பிக்கை ஏற்கெனவே எல்லார் மனதிலும் இருக்கிறது. அதைத் தொடாமல் தாண்டினாலும் படம் எடுபடாது. அதனால் அதை ஒரு குரலாக மட்டும் வைத்தேன். படம் இப்படித் தொடங்கியது. முதல் மூன்று விநாடி பருத்திக் காடு, தரையில் காலி டப்பா. பேச்சு இல்லை. பிறகு தூரத்திலிருந்து ஒரு பெண் குரல், "அந்த டப்பா வேணும், கழுவி வெச்சுக்கறேன்." உடனே பதில் குரல், "கழுவினாலும் விஷம் போகாது." கடப்பாரை இறங்குகிறது. ஒரு குத்து, இரண்டு, மூன்று. தகரம் கிழியும் சத்தம். ஓட்டை வழியே வெளிச்சம். கடைசி எட்டு விநாடி ஓட்டை டப்பா மட்டும், அதன் மேல் எழுத்து, குரலும் அதையே சொல்கிறது: "மருந்து டப்பா காலியா? ஓட்டை போடு."

முதலில் இன்னொரு வரி வைத்திருந்தேன். மூன்றாவது குத்துக்குப் பிறகு ஓட்டை டப்பாவை நீட்டி, "இப்பக் கழுவு பார்க்கலாம்" என்று சொல்வதாக. எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். கொட்டகையில் சிரிப்பு வரும், நினைவிலும் நிற்கும். ஆனால் ஆபரேட்டர் எங்கேயாவது நாலு விநாடி வெட்டிவிட்டால் கழுவு என்ற சொல் மட்டும் மிஞ்சும். அந்த வரியை அடித்துவிட்டேன். புதைக்கும் ஆழம், கிணற்றிலிருந்து தூரம் எல்லாம் துண்டறிக்கைக்குப் போயின. ஓட்டை போட்டவன் அந்த டப்பாவில் எண்ணெய் ஊற்றப் போவதில்லை, அது போதும்.

தாளை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அவர்கள் சம்மதம் இல்லாமல் அவர்கள் கண்டுபிடித்ததை எடுக்க எனக்கு மனமில்லை. வாசித்துக் காட்டினேன். குழந்தையின் அப்பாவையே கடப்பாரை பிடிக்கச் சொல்லலாம் என்பது முதலாளியின் யோசனை. நடிப்பதெல்லாம் நமக்கு ஆகாதுங்க என்று அவர் மறுத்துவிட்டார். தாய் உள்ளிருந்து வெளியே வந்தாள். முதல் நாள் உள்ளே போனவள், அதன்பின் என்னோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"நான் குத்தறனுங்க. மூஞ்சி வேண்டாம். கை மட்டும் எடுங்க."

அவள் கணவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

படப்பிடிப்பு அன்று முதலாளி தரையோடு தரையாகக் கேமராவை வைத்தார். கை, கடப்பாரை, டப்பா, மண். மூன்று குத்துக்குத்தான் இடம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். குத்தினாள். முதல் குத்திலேயே தகரம் உள்ளே போய்விட்டது. மூன்று முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. வளையல் உடைந்து தெறித்தது. டப்பா டப்பாவாக இல்லாமல், தகடாகி மண்ணில் பதியும் வரை குத்தினாள். மிஞ்சிய துண்டுகளில் எடுக்கிறோம், ஓர் அடிகூட வீணாக்க முடியாது. முதலாளி கட் சொல்லவில்லை. பிலிம் முடிந்து கேமரா தானாக ஓய்ந்த பிறகும் அவள் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

படத்தில் மூன்று குத்துதான் வந்தது, மூன்றாவதாக வளையல் தெறித்த குத்தையே முதலாளி வைத்திருந்தார். பதினைந்து சொல்லுக்குள் பேச்சு முடிந்தது. மறுபடி சென்னை, மறுபடி சான்றிதழ். துறையின் பெயர் இரண்டு விநாடி, சின்ன எழுத்தில். எடப்பாடியில் அதே கொட்டகையில், மதியக் காட்சியில், அதே இடத்தில் உட்கார்ந்து கேட்டேன். முன்வரிசைப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓட்டெ போடோணும், கழுவுனாலும் போகாதாமா" என்றாள். அவள் பக்கத்தில் இருந்தவளும் அதையே சொன்னாள். ஒருத்தி மட்டும் உடைந்த வளையலைப் பற்றிக் கேட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். நிறுத்தச் சொல்லிக் கடிதம் போனபின்னும் சில கொட்டகைகளில் பழைய படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓமலூரில் நானே பார்த்தேன், ஆபரேட்டர் அறைக்கு ஏறிப் போய்ச் சண்டை போட்டுத்தான் அதை நிறுத்த முடிந்தது. சங்கத் தலைவர் எங்கள் அலுவலகத்துக்குத் தந்த ஸ்லைடு வேலை எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார். காலி டப்பா வியாபாரம் உடனே நின்றுவிடவும் இல்லை. அந்தத் தாயைப் பற்றி ஊர் பேசியது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது என்று அவள் கணவர் ஒருமுறை செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தபோது சொன்னார்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவில் தலைவரை மறுபடி பார்த்தேன். மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விழா முடிந்து சாப்பாட்டுப் பந்திக்கு முன் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தவர், மருந்து டப்பாவில் ஓட்டை போடச் சொல்லி ஒரு படம் வந்ததே, அது எங்கள் சங்கம் மக்களுக்குச் செய்த சேவை என்று சொல்வது என் காதில் விழுந்தது. கூட இருந்தவர்கள் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள்.

நான் அவர் எதிரில் போய் நின்றேன்.

"அது நீங்க எடுத்த படம் இல்லீங்க. கழுவிப் பொழங்கச் சொன்னதுதான் உங்க படம். அந்த வார்த்தைய உங்க பேனாவுலதான் எழுதுனீங்க. நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

தலைவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், என்னைத் தெரியாததுபோலப் பார்த்தார். கடைக்காரர் அவசரமாக வந்து, இலை போட்டாச்சு, சாப்பிட வாங்கம்மா என்று என்னை அழைத்தார். நான் சாப்பிடாமல் இறங்கி வந்து டவுன் பஸ் ஏறினேன். செவ்வாய்ப்பேட்டைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.